குப்பி மாற்ற வருகிறவர்

எங்கள் சோடாக் கடை பழவங்காடியில், பிள்ளையார் கோயிலைப் பார்த்தாற்போல் இருந்தது. கடை என்று சொல்லுகிறேனே தவிர, ஒரு ஆள் உள்ளே நின்றால் இன்னொரு ஆள் வெளியேதான் நிற்க வேண்டும். சோடா போடுகிற இயந்திரம் வலியசாலைக்குப் போகும் வழியில் நாங்கள் குடியிருந்த வாடகை வீட்டின் பின்கட்டில், ஓட்டுச் சாய்ப்புக்குக் கீழே இருந்தது. என் வீட்டுக்காரர் இயந்திரத்தின் சக்கரத்தைச் சுற்றுவார், குப்பிகளைத் தள்ளுவண்டியில் ஏற்றுவார், கடையில் நின்று விற்பார். கணக்கு மட்டும் அவருக்கு ஆகாது. யாராவது சிரித்துப் பேசினால் பாக்கியை விட்டுவிடுகிற மனுஷர். அதனால் கணக்கை நான் பிடுங்கி வைத்துக்கொண்டேன். தூத்துக்குடியில் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவள் நான். அந்த ஐந்து வகுப்பிலும் கணக்கில் என்னை எவளும் ஜெயித்ததில்லை. இதைச் சொல்லிக்கொள்ள எனக்கு வெட்கமே இல்லை.

சோடாக்காரனுக்கு முதல் என்பது குப்பிதான். தண்ணீரும் வாயுவும் யார் வேண்டுமானாலும் போடலாம். கழுத்தில் கோலி வைத்த அந்தக் குப்பி நல்லதாக அமைந்தால்தான் பிழைப்பு. கழுத்துக்குள்ளே ரப்பர் வளையம் உட்காருகிற பள்ளம் ஒரு நூல் கோணலாக இருந்தாலும் வாயு கசிந்துவிடும். ராத்திரி நிரப்பி வைத்தால் காலையில் கோலி கீழே இறங்கிக் கிடக்கும், உள்ளே வெறும் தண்ணீர். கண்ணாடியில் குமிழி இருந்தாலோ நிரப்பும்போதே வெடிக்கும். இரண்டையும் வெறும் குப்பியை வெயிலில் தூக்கிப் பிடித்துப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. ஒரு தடவை நிரப்பிப் பார்த்தால்தான் அதன் யோக்கியதை தெரியும்.

அந்த வருஷம் கோடைக்கு முன்னால் எங்களுக்கு ஆயிரம் குப்பி தேவைப்பட்டது. போன கோடையில் விலை மலிவு என்று ஒரு வியாபாரியிடம் வாங்கி, பாதியைக் குப்பையில் கொட்டியிருந்தோம். இந்தத் தடவையும் அப்படி ஆனால் கடையை மூடிவிட்டு வேறு எங்காவது கூலிக்கு நிற்க வேண்டியதுதான். வீட்டுக்காரர் மூன்று இடத்துக்கு விலை கேட்டு எழுதினார். ஒன்று சென்னை. ஒன்று கொல்லம். மூன்றாவது தூத்துக்குடி. அந்த மூன்றாவதை எழுதச் சொன்னது நான்.

தூத்துக்குடியில் கண்ணாடிச் சாமான் மொத்த வியாபாரம் ஆரம்பித்திருந்தது என் அண்ணன். எனக்கு ஒரே கூடப்பிறந்தவர். அப்பா முகம் எனக்கு நினைவில் இல்லை. அண்ணன் தோளில் உட்கார்ந்து துறைமுகம் பார்த்தது நினைவிருக்கிறது. கல்யாணமாகி இந்த மலையாளத்து ஊருக்கு வந்த புதிதில், அம்மா இருக்கிற வரைக்கும், பொங்கலுக்குப் பிறந்த வீட்டுச் சீராகப் படி கொண்டு அண்ணன் வந்துவிடுவார். பானை, கரும்பு, மஞ்சள்குலை எல்லாம் ரயிலில் சுமந்துகொண்டு வேர்க்க விறுவிறுக்க வாசலில் வந்து நிற்பார். அம்மா போன பிறகு படி மணியார்டரில் வர ஆரம்பித்தது. தபால்காரன் கையில் பொங்கல்படி வாங்கிய பெண்பிள்ளை இந்த உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். சண்டை இல்லை, மனஸ்தாபம் இல்லை. வரவில்லை, அவ்வளவுதான். என் மகளுக்கு நாலு வயது ஆகியிருந்தது. அவள் தன் மாமன் முகத்தைப் பார்த்ததே கிடையாது.

எனக்கு ஊர் ஏக்கம் என்று சொன்னால் போதாது. இந்த ஊர் மழையும் பச்சையும் நல்லதுதான், குறை சொல்ல மாட்டேன். ஆனால் சாயங்காலம் உப்பளத்துப் பக்கமிருந்து வருகிற அந்தக் காய்ந்த காற்று இங்கே வராது. தெருவில் யாராவது நம்மூர்ப் பேச்சு பேசிக்கொண்டு போனால் கையிலிருக்கிற வேலையைப் போட்டுவிட்டு வாசலுக்கு ஓடுவேன். அண்ணன் நமக்குக் குப்பி கொடுக்கிறவரானால், சரக்கு விஷயமாகவாவது வருவார், உட்காருவார், ஒரு வாய் சாப்பிடுவார், 'ஏட்டி' என்று கூப்பிடுவார். எனக்கு வேண்டியது இவ்வளவுதான். இதற்காகத்தான் அந்த மூன்றாவது கடுதாசி.

மூன்று பதிலும் வந்தன. அண்ணனுடைய விலைதான் இருக்கிறதிலேயே குறைவு. நூறு குப்பிக்குப் பதினாறு ரூபாய். சென்னைக்காரர் பதினெட்டு. கொல்லத்து வியாபாரி இருபது. வீட்டுக்காரர் வாசலிலிருந்தே சிரித்துக்கொண்டு வந்தார். "உங்க அண்ணாச்சிதான் ஜெயிச்சாரு" என்றார். எனக்கு நெஞ்சு கொள்ளாத சந்தோஷம். அன்றைக்குக் குழம்பில் உப்புப் போட மறந்துவிட்டேன். மனுஷர் அதையும் சொல்லாமல் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

சாயங்காலம் மகள் தூங்கினதும் கணக்குப் போட உட்கார்ந்தேன். உட்காராமலே இருந்திருக்கலாம். ஆனால் போன கோடையில் குப்பையில் கொட்டின கண்ணாடி கண்ணுக்கு முன்னால் நின்றது.

அண்ணன் சொன்ன பதினாறு, தூத்துக்குடியில் அவருடைய சரக்குக் கிட்டங்கி வாசலில் வைத்த விலை. அங்கிருந்து வைக்கோல் வைத்துப் பெட்டி கட்டுகிற செலவு, ரயில் கூலி, தம்பானூர் ஸ்டேஷனிலிருந்து எங்கள் வீட்டுக்கு வண்டிக் கூலி எல்லாம் நம் தலையில். அது நூற்றுக்கு மூன்று ரூபாய். ஆக பத்தொன்பது. அதுவும் பிரிட்டிஷ் ரூபாய். நாங்கள் விற்கிறது இங்கத்து ராஜாவின் சர்க்கார் ரூபாய்க்கு. பிரிட்டிஷ் ரூபாய்க்கு இருபத்தெட்டரைச் சக்கரக் காசு, நம்ம ரூபாய்க்கு இருபத்தெட்டு. அந்த அரைச் சக்கரத்தையும் சேர்க்க வேண்டும். பிறகு, செங்கோட்டை மலை ஏறி இறங்கி ரயிலில் குலுங்கி வருகிற வழியில் நூற்றுக்கு ஐந்தாவது உடையும். மிச்சத்தில் நிரப்பும்போது கெட்டது என்று நாலாவது கழியும். எதற்கும் அவர் மாற்றுக் கொடுக்க மாட்டார். விற்ற சரக்கு விற்றதுதான் என்று தெளிவாகவே எழுதியிருந்தார். ஆக, நூறு குப்பிக்குப் பணம் கொடுத்தால் கையில் நிற்பது தொண்ணூற்றொன்று. பணமோ முழுவதும் முன்கூட்டி அனுப்ப வேண்டும். அதற்கு நாங்கள் சாலைக் கடைத்தெருவில் வட்டிக்கு வாங்கியாக வேண்டும். எல்லாவற்றையும் கூட்டி, நல்ல குப்பி நூற்றுக்கு என்ன அடக்கம் என்று பார்த்தால் இருபத்தொன்றரை ரூபாயையும் தாண்டிப் போயிற்று.

சென்னைக்காரர் கணக்கும் ஏறக்குறைய இதே சீர்தான். ரயில் ரசீது பாங்கிக்கு வரும், பணம் கட்டினால்தான் சரக்கை எடுக்க முடியும், கெட்டதைத் திருப்பி அனுப்புகிற கூலி நம்முடையது. அவர் விலையே பதினெட்டு என்பதால் அடக்கம் அண்ணனுடையதைவிடவும் மேலே போயிற்று. அவரை அங்கேயே கழித்துவிட்டேன்.

கொல்லத்துக்காரர் இருபது என்று சொன்னது நம் வீட்டுச் சாய்ப்பில் கொண்டுவந்து இறக்கின விலை. சர்க்கார் ரூபாய். சரக்கு வள்ளத்தில் ஏறி, காயல் தண்ணீர் வழியாக வள்ளக்கடவுத் துறை வரை வரும், அங்கிருந்து வண்டியும் அவருடையது. வள்ளத்தில் குலுக்கல் கிடையாது. உடைந்தால் அவருக்கு நஷ்டம். சரக்கு வந்ததும் பாதிப் பணம், மீதி முப்பது நாள் கழித்து. முதல் தடவை நிரப்பும்போது கெட்டதாகத் தெரிகிற குப்பிகளைத் தனியாக எடுத்து வைத்தால், மாதம் ஒரு முறை அவருடைய ஆள் வந்து எண்ணிப் பார்த்து மாற்றுக் கொடுப்பார். பார்க்கப் பெரிய விலையாக இருந்த இருபது, எல்லாம் முடிந்த பிறகும் இருபதாகவே நின்றது. கொடுக்கவேண்டிய பாதியைச் சோடா விற்றே கொடுத்துவிடலாம்.

நான் வீட்டுக்காரரிடம் கணக்கைக் காட்டினேன். அவர் நெடுநேரம் பார்த்தார். அவருக்குப் புரிந்ததோ இல்லையோ, என் முகம் புரிந்துவிட்டது. வழியில் ஐந்து உடையும் என்று போட்டிருக்கிறாயே, இரண்டு என்று போடு, போதும் என்றார். கெட்டது நாலு ஏன், ஒன்று போதாதா என்றார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நீங்கள் சொல்லுகிறபடி ரயில் மெதுவாகப் போகுமா, கண்ணாடி உங்களுக்குப் பயந்து உடையாமல் இருக்குமா என்று சண்டை போட்டேன். சண்டை போட்டுக்கொண்டே அழுதேன். எனக்காகப் பத்துப் பதினைந்து ரூபாய் போனால் போகட்டும் என்று அவர் நினைத்தார் என்பது எனக்குத் தெரியாதா? அந்த மனுஷருக்கு அப்படி ஒரு மனசு. ஆனால் அந்தப் பதினைந்து எங்களிடம் இல்லை.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை வந்தது. அண்ணன் விலையில் ஒரு தம்பிடிகூடக் குறைக்க வேண்டாம். உடைந்ததையும் கெட்டதையும் அவரே மாற்றிக் கொடுத்தால் என்ன ஆகும் என்று போட்டுப் பார்த்தேன். கழிவு இல்லாமல் நூற்றுக்கு நூறும் கையில் நின்றது. ரயில் கூலி, அரைச் சக்கரம், வட்டி எல்லாம் சேர்த்தும் அடக்கம் இருபதுக்குக் கீழே வந்துவிட்டது. கொல்லத்தைவிடக் குறைவு. பத்தொன்பதே முக்காலுக்குள் அடங்கியது. மூன்று தடவை திருப்பிப் போட்டேன். சரியாக இருந்தது. கெட்ட குப்பியை மாற்ற யாராவது மாதம் ஒருமுறை வந்தாக வேண்டும். அண்ணன் அல்லாமல் வேறு யார் வரப்போகிறார்கள்? கடவுளே கணக்கில் வந்து உட்கார்ந்துகொண்டதாக எனக்குத் தோன்றியது. விலையில் மாற்றம் வேண்டாம், உடைசலையும் பழுதையும் நீங்களே வந்து பார்த்து மாற்றித் தந்தால் ஆயிரம் குப்பியும் உங்களிடம்தான் என்று அண்ணனுக்கு எழுதிப் போட்டேன்.

பதில் கடுதாசி வரவில்லை. அண்ணனே வந்துவிட்டார்.

காலை வண்டியில் இறங்கி, ஜட்கா பிடித்து, வாசலில் வந்து நின்றார். தலையில் நரை. கொஞ்சம் பருத்திருந்தார். அம்மாவின் மூக்கு அப்படியே. நான் ஓடிப்போய்க் கையைப் பிடித்துக்கொண்டேன். மகளைத் தூக்கி அவர் கையில் கொடுத்தேன். அவள் புது ஆளைக் கண்டு வீரிட்டாள். நல்ல சத்தம்தான் இருக்கு என்று சிரித்துவிட்டுக் கீழே விட்டார்.

அன்றைக்குச் சொதி வைத்தேன். இஞ்சித் துவையல் அரைத்தேன், உருளைக்கிழங்கு வறுத்தேன். தேங்காய்க்கு இந்த ஊரில் பஞ்சமா? இரண்டு தேங்காய் பிழிந்தேன். பரிமாறும்போது ஊர்ச் சேதி ஒவ்வொன்றாகக் கேட்டேன். வடக்குத் தெருவில் யார் இருக்கிறார்கள், நம் வீட்டு முருங்கை இன்னும் நிற்கிறதா, அம்மா படுத்த அறையில் இப்போது யார் என்று. அவர் ஒற்றை வார்த்தையில் பதில் சொன்னார். அந்த அறையில் சரக்குப் பெட்டி அடுக்கியிருக்கிறதாம். இரண்டாம் தடவை சோறு வேண்டாம் என்று கையைக் குறுக்கே வைத்தார். சாயங்கால வண்டியைப் பிடிக்க வேண்டுமாம்.

சாப்பிட்டு முடித்து வெற்றிலை போட்டதும் அவர் வீட்டுக்காரர் பக்கம் திரும்பினார். மாப்பிள்ளை, தங்கச்சி எழுதினதைப் பார்த்தேன், அது நடக்கிற காரியம் இல்லை என்றார். சரக்கு கிட்டங்கியை விட்டு வெளியே போய்விட்டால் பிறகு தனக்கும் அதற்கும் சம்பந்தம் கிடையாது, தன் வியாபாரக் கூட்டாளியும் ஒப்ப மாட்டான் என்றார். வீட்டுக்காரர் என்னைப் பார்த்தார். கதவுப் பக்கம் நின்றிருந்த நான் நடுக்கூடத்துக்கே வந்துவிட்டேன். உங்கள் விலையில் ஒரு குறையும் இல்லை, நீங்கள் வந்து மாற்றித் தந்தால் உங்கள் சரக்குதான் எங்களுக்கு மலிவு, போட்டுப் பார்த்துவிட்டேன் என்று சொன்னேன். மாதம் ஒருமுறை முடியாவிட்டால் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வந்தாலும் போதும், கெட்டதை நான் தனியாக எடுத்து வைத்திருப்பேன், வந்து எண்ணிவிட்டுச் சாப்பிட்டுப் போகலாம் என்றேன். பேரம் பேசுகிறவள் குரலில்தான் பேச நினைத்தேன். எப்படிப் பேசினேனோ தெரியாது.

அண்ணன் வெற்றிலையை ஒரு பக்கம் ஒதுக்கினார். பிறகு சொன்னார். "ஏட்டி, உனக்காகச் சொல்லுதேன். நூத்துக்கு ஒரு ரூவா குறைச்சுக்கிடுதேன். வர்றதுக்கு மட்டும் என்னைச் சொல்லாத."

எத்தனை வருஷமாகக் கேட்க ஆசைப்பட்ட 'ஏட்டி' அது. கடைசியில் இப்படி வந்து சேர்ந்தது.

வீட்டுக்காரர் அவசரமாக, மச்சான்தான் இவ்வளவு இறங்கி வருகிறாரே, எடுத்துக்கொள்வோம் என்றார். என் கண்ணில் தண்ணீர் நிற்பதை அவர் பார்த்துவிட்டார் போல. நான் அந்த ஒரு ரூபாயைக் கழித்து மனசுக்குள் போட்டுப் பார்த்தேன். பாழாய்ப்போன மனசு, அந்த நேரத்திலும் கணக்குப் போட்டது. இருபதரையில் வந்து நின்றது. கொல்லத்துக்கு மேலே. பணமோ முன்கூட்டி. மாற்றோ கிடையாது.

"வேண்டாம் அண்ணாச்சி. அந்த ரூவா உங்ககிட்டயே இருக்கட்டும். நான் கேட்டது அது இல்ல" என்றேன்.

அவருக்குக் கோபம் வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். உன் இஷ்டம் என்று சொல்லிவிட்டு மேல்துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். மகள் கையில் ஒரு வெள்ளி நாணயத்தை வைத்தார். வீட்டுக்காரர் ஸ்டேஷன் வரை கூடப் போனார். அடுத்த நாள் கொல்லத்துக்கு எழுதினோம்.

குப்பிகள் வள்ளத்தில் வந்து இறங்கின. ஆயிரத்தில் வழியில் உடைந்தது கைவிரலுக்குள் அடங்கும். நிரப்பும்போது கெட்டுப்போனவற்றை நான் சாக்கு விரித்துத் தனியாக அடுக்கி வைத்தேன். சொன்னபடி மாதத்துக்கு ஒருமுறை கொல்லத்து ஆள் வந்தார். ஐம்பது வயதிருக்கும், மலையாளி, கறுப்புக் குடை, எப்போதும் ஒரு இருமல். கோலி இறங்கிய குப்பியைக் கழுத்தில் விரல் விட்டுத் தடவிப் பார்ப்பார். கோணல் என்றால் மறுபேச்சுப் பேசாமல் மாற்றுக் கொடுப்பார். இது உங்கள் கையிலிருந்து கீழே விழுந்தது, எங்கள் பழுது இல்லை என்று இரண்டொன்றைத் தள்ளவும் செய்வார். நானும் விடமாட்டேன், வாதாடுவேன். எண்ணி முடித்ததும் மோர் கொடுப்பேன். அந்தக் கோடையில் கடை நிமிர்ந்துவிட்டது. மீதிப் பணத்தை முப்பது நாள் தவணை முடிகிறதுக்கு முன்னாலேயே கட்டினோம்.

அவர் வருகிற நாள் எனக்குத் தெரிந்துவிடும். காலையிலிருந்தே எரிச்சலாக இருக்கும். அந்த ஆள்மேல் எரிச்சல் இல்லை. வாசலில் செருப்புச் சத்தம் கேட்கும்போது நெஞ்சு ஒரு தடவை குதித்துவிட்டுப் பிறகு அடங்கும் பாருங்கள், அதன்மேல் எரிச்சல். என் மகள் அவரை 'குப்பி மாமன்' என்று கூப்பிட ஆரம்பித்தாள். நான் ஒரு நாள் அவள் வாயில் ஓர் அடி போட்டேன். அப்புறம் நானே தூக்கிவைத்துச் சமாதானம் பண்ணினேன்.

மழை தொடங்கின மாதத்தில் மாற்றுவதற்கு ஒரு குப்பியும் இல்லை. கெட்டது எல்லாம் முன்பே கழிந்துவிட்டது. இனி இந்தச் சரக்கில் பழுது வராது. ஆகவே அவர் வர வேலை இல்லை. வரவேண்டாம் என்று நான் வீட்டுக்காரரை எழுதவும் சொன்னேன். அப்படியும் வழக்கமான நாளில், கொட்டுகிற மழையில், குடையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அவர் வாசலில் வந்து நின்றார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கடுதாசி கிடைக்கவில்லையா, குப்பி ஒன்றும் கெடவில்லையே என்று சொன்னேன்.

கடுதாசி கிடைத்தது என்றார். குடையை மடக்கிச் சுவரில் சாய்த்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார். "கேடு இல்லெங்கில் வரண்டா என்னுண்டோ, மோளே?"

குறை இல்லாவிட்டால் வரக்கூடாதா மகளே என்று கேட்டார். சாதாரணமாகத்தான் கேட்டார். மோர் எடுத்து வருகிறேன் என்று சொல்லிவிட்டு அடுக்களைக்குள் போனேன். மழைச் சத்தத்தில் வெளியே கேட்காது என்ற தைரியத்தில், அண்ணாச்சி, அண்ணாச்சி என்று வாய்விட்டு அழுதேன்.